மருந்து ஃபிரிட்ஜ் அலாரம்: அச்சு வார்ப்பதற்கு முன் கையால் ஓட்டிப் பார்த்தது

இன்சுலின், தடுப்பூசி மாதிரியான மருந்துகளை 2 முதல் 8 டிகிரி செல்சியஸுக்குள் வைத்திருக்க வேண்டும். இரவில் கடை ஃபிரிட்ஜ் நின்றுபோனால் காலையில் வந்து கதவைத் திறக்கும்வரை யாருக்கும் தெரியாது. ஃபிரிட்ஜுக்குள் ஒரு சென்சார், வெளியே கையடக்கமான ஒரு பெட்டி, வெப்பநிலை எல்லை தாண்டினால் கடைக்காரரின் போனுக்கு அலாரம். நானும் என் கூட்டாளியும் செய்ய நினைத்த பொருள் இதுதான்.

இருவருக்கும் எலக்ட்ரானிக்ஸ் பழகிய வேலை. டிஎஸ்18பி20 சென்சார் ஒன்று, இஎஸ்பி32 வைஃபை போர்டு ஒன்று, இடையில் 4.7 கிலோ ஓம் ரெசிஸ்டர். மேசையில் இவ்வளவையும் இணைத்து ஓட வைப்பது பெரிய காரியமே இல்லை. செலவு அதற்குப் பிறகுதான் ஆரம்பிக்கிறது. சொந்த சர்க்கியூட் போர்டு, பிளாஸ்டிக் பெட்டிக்கு ஊசிவார்ப்பு மோல்டு, ரேடியோ சான்றிதழ், போன் ஆப். திட்டத்தாளில் மோல்டு மட்டுமே மொத்தச் செலவில் பாதியைத் தின்றது. மோல்டு ஒருமுறை வெட்டிவிட்டால் பெட்டியின் வடிவத்தை மாற்றுவது கிட்டத்தட்ட இன்னொரு மோல்டு வாங்குவதுதான். அந்தப் பணத்தைக் கொடுப்பதற்கு முன் எதைத் தெரிந்துகொள்ள வேண்டும், அதை எவ்வளவு மலிவாகத் தெரிந்துகொள்ளலாம் என்று பார்த்தோம். அந்தக் கதைதான் இது.

எந்த ஊகம் பொய்யானால் எல்லாம் போகும்?

முதலில் நாங்கள் உண்மை என்று நம்பிக்கொண்டிருந்ததை எல்லாம் ஒரு தாளில் எழுதினோம். சென்சார் துல்லியமாக இருக்கும். வைஃபை அறுந்துபோகாது. ஃபிரிட்ஜ்கள் அடிக்கடி கோளாறாகும். கடைக்காரர்கள் அதைப் பற்றிக் கவலைப்படுகிறார்கள். அலாரம் வந்தால் யாராவது எழுந்து வந்து ஏதாவது செய்வார்கள். அதற்கு மாதாமாதம் பணம் கொடுப்பார்கள்.

இதில் முதல் இரண்டும் நமக்குப் பிடித்த வேலை. மேசையில் உட்கார்ந்தே தீர்க்கலாம், அதனால் கை தானாக அங்கேதான் போகும். ஆனால் அவை பொய்யானாலும் வேறு சென்சார், வேறு போர்டு என்று மாற்றிக்கொள்ள வழி இருக்கிறது. கடைசி இரண்டும் பொய்யானால் மாற்றிக்கொள்ள எதுவுமே இல்லை. எவ்வளவு துல்லியமான அலாரமாக இருந்தாலும், அதைக் கேட்டு யாரும் எதுவும் செய்யவில்லை என்றால் அதற்கு மதிப்பில்லை. ஆகவே சோதனை அந்த இரண்டின் மேல்தான் என்று முடிவு செய்தோம்.

இப்படிச் செய்தவர்களில் எனக்கு எப்போதும் நினைவுக்கு வருகிறவர் நிக் ஸ்வின்மர்ன். 1999-இல் இணையத்தில் செருப்பு விற்கலாமா என்று தெரிந்துகொள்ள அவர் கிடங்கு பிடிக்கவில்லை, சரக்கு வாங்கவில்லை. கடைகளுக்குப் போய்ச் செருப்புகளைப் படம் எடுத்துத் தளத்தில் போட்டார். யாராவது ஆர்டர் செய்தால் அந்தக் கடைக்குப் போய் முழு விலைக்கு வாங்கி அனுப்பினார். ஒவ்வொரு விற்பனையிலும் நட்டம்தான். ஆனால், போட்டுப் பார்க்காமல் ஒருவர் செருப்பு வாங்குவாரா என்ற கேள்விக்கு அவருக்குப் பதில் கிடைத்தது. அந்தத் தளம்தான் பிறகு ஜாப்போஸ் ஆனது. எங்கள் கேள்விக்கும் அதே போல, பொருள் செய்யாமலே பொருள் தரும் பயனை மட்டும் கையால் கொடுத்துப் பார்ப்பது என்று தீர்மானித்தோம்.

முதலில் பேச்சு

"இப்படி ஒரு அலாரம் வந்தால் வாங்குவீர்களா?" என்று யாரிடமும் கேட்கவில்லை. கேட்டால் எல்லோரும் "நல்ல யோசனை சார், கண்டிப்பா" என்பார்கள். அது மரியாதைக்குச் சொல்வது, அதை வைத்து ஒன்றும் கணக்குப் போட முடியாது. நாங்கள் கேட்டது நடந்துமுடிந்ததைப் பற்றி மட்டும்: கடைசியாக ஃபிரிட்ஜ் நின்றது எப்போது, எப்படித் தெரிந்தது, அன்று என்ன செய்தீர்கள், மருந்துகளைத் தூக்கிப் போட்டீர்களா, அதற்குப் பிறகு எதையாவது வாங்கி வைத்தீர்களா?

கடைசிக் கேள்வி மிக முக்கியம். ஒரு பிரச்சினை உண்மையிலேயே வலித்தால் மனிதர் அரைகுறையாகவாவது ஏதாவது ஒரு வழி செய்து வைத்திருப்பார். கவலை என்கிறார், ஆனால் எந்த ஏற்பாடும் இல்லை என்றால் அந்தக் கவலைக்குப் பணம் கொடுக்கும் அளவு கனம் இல்லை என்று எடுத்துக்கொள்ளலாம்.

ஃபிரிட்ஜ் நின்ற கதை சிலரிடம்தான் இருந்தது. அவர்களிலும் அதற்குப் பிறகு எதையும் வாங்கியவர் மிகக் குறைவு. ஆனால் நாங்கள் கேட்காமலே ஏறக்குறைய எல்லோரும் எடுத்துக் காட்டியது ஒரு நோட்டுப் புத்தகம். காலையும் மாலையும் ஃபிரிட்ஜின் வெப்பநிலையைப் பார்த்து எழுத வேண்டிய பதிவேடு. ஒரு கடையில் அதைப் புரட்டினேன். பக்கம் பக்கமாக 4, 4, 4, 4 என்று ஒரே பேனாவில், ஒரே சாய்வில் எழுதியிருந்தது. ஒரே உட்காரலில் மொத்தமாக நிரப்பியது பார்த்தாலே தெரியும். "ஆய்வுக்கு வர்றாங்கன்னா முந்தின நாள் உக்காந்து எழுதுவோம் சார், வேற வழி?" என்றார் கடையில் இருந்தவர். தாளில் அதை ஓர் ஓரத்தில் குறித்து வைத்தேன். அப்போது அது எங்கள் ஊகப் பட்டியலிலேயே இல்லாத விஷயம்.

தேறுமா தேறாதா என்பதை முன்கூட்டியே எழுதியது

சோதனை தொடங்குவதற்கு முன் இன்னொரு தாளில் எல்லைகளை எழுதி இருவரும் கையெழுத்துப் போட்டோம். நமக்கு முன்பின் தெரியாத 20 கடைகளை அணுகுவது. அவர்களில் குறைந்தது 6 பேர் முதல் மாதக் கட்டணத்தை முன்பணமாகக் கொடுக்க வேண்டும். கொடுத்தவர்களில் மூன்றில் இரண்டு பங்காவது அடுத்தடுத்த மாதமும் தொடர வேண்டும். உண்மையான அலாரங்களில் பாதிக்கு மேல், ஒரு மணி நேரத்துக்குள் யாராவது ஃபிரிட்ஜைப் போய்ப் பார்த்திருக்க வேண்டும். இதில் எது தவறினாலும் மோல்டுக்குப் பணம் இல்லை.

எண்களை முன்பே எழுதாவிட்டால் என்ன நடக்கும் என்பது இந்த வேலையில் இருப்பவர்களுக்குத் தெரியும். மூன்று பேர் பணம் கொடுத்தாலும் "மூன்று பேர் கொடுத்தார்களே" என்று மனம் கொண்டாடும். முடிவு வந்த பிறகு எல்லையை வரைந்தால் அது முடிவைச் சுற்றியே வரையப்படும்.

தெரிந்தவர்களைக் கணக்கில் சேர்க்காததற்கும் அதே காரணம்தான். நண்பரின் கடையில் கருவியை வைத்து வயரிங் பிழைகளைக் கண்டுபிடிக்கலாம். அவர் கொடுக்கும் பணம் நட்புக்கா பொருளுக்கா என்று பிரிக்க முடியாது.

கையால் ஓட்டிய அமைப்பு

சந்தையில் கிடைக்கும் ரெடிமேட் வைஃபை லாகர்களை வாங்கினோம். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை அளவெடுத்து ஒரு ஸ்ப்ரெட்ஷீட்டுக்கு அனுப்பும் வகை. ஆப் கிடையாது. எல்லை தாண்டினால் ஸ்ப்ரெட்ஷீட் எங்கள் போனுக்குச் செய்தி அனுப்பும், நாங்கள் கடைக்காரரை அழைப்போம். இரவை இருவரும் பங்கு போட்டுக்கொண்டோம். அளவுகளைப் பார்த்து அழைப்பது மனிதர்கள்தான் என்பதைக் கடைக்காரர்களிடம் மறைக்கவில்லை. கடையில் ஏற்கெனவே இருக்கும் தெர்மாமீட்டரையும் பதிவேட்டையும் நிறுத்தக் கூடாது என்று எழுதிக் கொடுத்தோம். மருந்து சம்பந்தப்பட்ட இடத்தில் அரைகுறைக் கருவியை நம்பி யாரும் இருக்கும் பாதுகாப்பைக் கைவிட்டுவிடக் கூடாது. மலிவாகச் சோதிப்பதற்கு ஓர் எல்லை உண்டென்றால் அது இங்கே இருக்கிறது.

கடைக்குக் கொண்டுபோவதற்கு முன் ஒவ்வொரு லாகரையும் பனிக்கட்டி நீரில் சோதித்தோம். நொறுக்கிய பனிக்கட்டியில் அது மூழ்கும் அளவு மட்டும் தண்ணீர் ஊற்றிக் கலக்கினால், பனி உருகி முடியும்வரை அது 0 டிகிரியில் நிற்கும். சென்சாரை நடுவில், பாத்திரத்தின் சுவரைத் தொடாமல் வைத்து அளவு நிலைக்கும்வரை காத்திருக்க வேண்டும். அரை டிகிரிக்கு மேல் தள்ளிக் காட்டியதை ஒதுக்கினோம்.

தொடங்கியதும் தலைவலி கொடுத்தது பொய் அலாரம். காற்றில் தொங்கும் சென்சார் கதவு திறந்தவுடனே எகிறும். கூட்டமான மாலை வேளையில் கதவைத் திறந்து மூடிக்கொண்டே இருந்தால் 11, 12 என்று காட்டும். மருந்துக் குப்பி அவ்வளவு வேகமாகச் சூடாவதில்லை. சிறு பாட்டிலில் கிளிசரின் நிரப்பி அதற்குள் சென்சாரை மூழ்க வைத்தோம். இப்போது அது காற்றின் சூட்டைக் காட்டாமல் குப்பிக்குள் இருக்கும் மருந்தின் சூட்டுக்கு நெருக்கமானதைக் காட்டுகிறது. கூடவே, ஒரு தனி அளவைப் பார்த்து அலாரம் அடிக்காமல், கடந்த அரை மணியின் ஆறு அளவுகளும் 8-க்கு மேல் இருந்தால் மட்டும் அடிக்கும்படி வைத்தோம். ஐந்து நிமிடத்துக்கு ஒரு கட்டமாக ஆறு கட்டங்கள், அளவு வராத கட்டம் காலியாக இருக்கும்.

இதை எழுதுகிறவர்கள் கவனிக்க வேண்டிய ஓர் இடம் இங்கே இருக்கிறது. ஆறும் 8-க்கு மேல் என்பதைச் சொல்ல எளிய வழி, ஆறில் மிகச் சிறியதே 8-க்கு மேல் என்று பார்ப்பது. ஆனால் கட்டங்கள் எல்லாம் காலியாக இருந்தால் ஸ்ப்ரெட்ஷீட்டின் `MIN` 0 என்று பதில் சொல்லும். அளவே வராத ஃபிரிட்ஜ் குளுகுளுவென்று இருப்பதாகத் தோன்றும். அதனால் இரண்டு தனி விதிகள் தேவை:

```
=AND(COUNT(C2:C7)=6, MIN(C2:C7)>8)
=COUNT(C2:C7)<4
```

முதலாவது சூடு. இரண்டாவது, அளவு வரவில்லை. குளிர் பக்கத்துக்கும் இதே போல் `MAX` வைத்து ஒரு விதி உண்டு. அதை அசட்டை செய்யக் கூடாது. இன்சுலின் கொஞ்ச நேரம் 8-ஐத் தாண்டினால் பெரும்பாலும் தப்பிவிடும், உறைந்துவிட்டால் பயன்படுத்தவே கூடாது.

அலாரம் சொல்லித் தந்தது

அணுகிய 20 பேரில் 7 பேர் முன்பணம் கொடுத்தார்கள். முதல் எல்லை தேறியது. இந்த இடத்தில் நிறுத்தியிருந்தால் மோல்டுக்கு ஆர்டர் போயிருக்கும்.

சூடு விதி அடித்ததை விட இரண்டாவது விதி அடித்ததுதான் மிக அதிகம். காரணம் யோசித்தால் வெளிப்படை. ஃபிரிட்ஜ் இரவில் நிற்பதற்கு முதல் காரணம் கோளாறு இல்லை, மின்சாரம் போவதுதான். மின்சாரம் போனால் அதே நொடியில் கடையின் வைஃபை ரூட்டரும் அணைந்துவிடுகிறது. லாகரில் பேட்டரி இருக்கிறது, அது அளந்துகொண்டேதான் இருக்கும், ஆனால் சொல்ல வழியில்லை. அலாரம் எந்த நேரத்துக்காக வைக்கப்பட்டதோ சரியாக அந்த நேரத்தில் அது ஊமையாகிவிடுகிறது. எங்கள் திட்டத்தாளில் இருந்த வைஃபை பெட்டியும் இதையேதான் செய்திருக்கும். சிம் கார்டு உள்ள வேறு வடிவமைப்பு வேண்டியிருந்திருக்கும், வேறு பேட்டரி, வேறு பெட்டி. அதாவது வேறு மோல்டு.

அது பொறியியல் சிக்கல், செலவழித்தால் தீரும். தீராத சிக்கல் அழைப்புக்குப் பிறகு வந்தது. நள்ளிரவில் அழைத்தோம். சிலர் எடுக்கவே இல்லை. எடுத்தவர்களில் பலர் நன்றி சொல்லிவிட்டுக் காலையில் பார்க்கிறேன் என்றார்கள். ஒருவர் விளக்கமாகவே சொன்னார்: "தம்பி, நீங்க கூப்பிட்டது நல்லதுதான். ஆனா சாவி வேலை பார்க்கிற பையன்கிட்ட இருக்கு. போனாலும் நான் என்ன செய்ய, கரண்ட்டை நானா வரவைக்க முடியும்?" அவர் சொன்னதில் தவறே இல்லை. மருந்தை மாற்றி வைக்க இன்னொரு குளிர்ந்த இடம் இல்லாதவருக்கு நள்ளிரவு அலாரம் தூக்கத்தைக் கெடுப்பதைத் தவிர வேறெதையும் தருவதில்லை. ஒரு மணி நேரத்துக்குள் யாராவது ஃபிரிட்ஜைப் பார்த்தது பாதியைத் தொடவே இல்லை, கால் பங்குக்கும் கீழே நின்றது. அந்த எல்லை தவறியது.

ஆனாலும் தொடர்ந்தார்கள்

இதில் புரியாத ஒன்று இருந்தது. அலாரத்தால் பயனில்லை என்றால் 7 பேரில் 6 பேர் அடுத்தடுத்த மாதமும் ஏன் பணம் கொடுத்தார்கள்? நல்ல செய்தி என்று அதை அப்படியே வாங்கிக்கொள்ள எங்களுக்கு மனம் வரவில்லை. இரண்டு சந்தேகங்கள் இருந்தன.

ஒன்று, நாங்களே பொருளாகிவிட்டோமோ என்பது. இரவில் விழித்திருந்து அன்பாக அழைத்துப் பேசும் இரண்டு மனிதர்களை எந்தப் பெட்டியும் ஈடுசெய்யாது. கையால் ஓட்டும் சோதனையில் இது எப்போதும் இருக்கும் ஆபத்து: பின்னால் வரப்போகும் பொருளை விட முன்னோட்டம் நன்றாக இருந்துவிடும். அதைக் கழிக்க, ஒரு கட்டத்திலிருந்து எங்கள் பேச்சை நிறுத்தினோம். ஆப் என்ன சொல்லுமோ அதே நான்கு வரிச் செய்தி மட்டும் போகும். பதில் கேட்டால் அதே வரி திரும்பப் போகும். அதன் பிறகும் யாரும் விலகவில்லை.

இரண்டாவது, மாத முடிவில் நாங்கள் அனுப்பிய தாளுக்காகத்தான் தொடர்கிறார்களோ என்பது. தேதிவாரியாகக் குறைந்த அளவு, அதிக அளவு, எல்லை தாண்டிய நேரங்கள். கணக்கு முடித்துக் கொடுக்கும் உதிரி வேலையாகத்தான் அதைச் செய்துகொண்டிருந்தோம். ஒரு மாதம் அதைக் கேட்காமல் அனுப்புவதில்லை என்று வைத்துப் பார்த்தோம். அலாரத்தை நிறுத்திப் பார்ப்பது மருந்து விஷயத்தில் கூடாது, தாளை நிறுத்தினால் யாருக்கும் ஆபத்தில்லை, அளவுகள் எப்படியும் பதிவாகிக்கொண்டுதான் இருக்கின்றன. மாதம் பிறந்து சில நாட்களிலேயே, இரவில் போனை எடுக்காதவர்கள் வரிசையாகக் கூப்பிட்டார்கள். "அந்த சார்ட் வரலையே?" ஒருவர் அதை அச்சடித்து, துளையிட்டு, பதிவேட்டோடு சேர்த்துக் கோத்து வைத்திருந்ததை அப்போதுதான் சொன்னார். இன்னொருவர் தன் இரண்டாவது கடைக்கும் தாள் மட்டும் கிடைக்குமா என்று கேட்டார். அலாரம் வேண்டாமாம்.

பேச்சுக் கட்டத்தில் ஓரத்தில் குறித்து வைத்த 4, 4, 4 நோட்டுப் புத்தகம் இதுதான். அவர்களுக்கு ஏற்கெனவே இருந்த, தினமும் இருந்த, ஏதோ ஒரு வழி செய்து சமாளித்துக்கொண்டிருந்த சிக்கல் அது. தானாக எழுதிக்கொள்ளும் பதிவேட்டுக்குத்தான் அவர்கள் பணம் கொடுத்துக்கொண்டிருந்தார்கள்.

இந்த எண்கள் எவ்வளவு தாங்கும்

ஏழு பேரில் ஆறு என்பதை 86 சதவீதம் என்று எழுதினால் கம்பீரமாக இருக்கும், ஆனால் அது பொய்த் துல்லியம். சிறிய எண்ணிக்கைக்கு ஒரு கை விதி உண்டு: n பேரிடம் ஒரு விஷயம் ஒருமுறைகூட நடக்கவில்லை என்றால், அதன் உண்மை விகிதம் ஏறக்குறைய 3/n வரைகூட இருக்கலாம், 95 சதவீத நம்பிக்கையில். 30 பேரில் ஒருவரும் விலகவில்லை என்றாலே 10 சதவீதம் வரை விலகல் இருக்க வாய்ப்புண்டு. ஏழு பேரை வைத்து மாத வருமானத்தைக் கணிக்கவே கூடாது.

சிறிய எண்ணிக்கை நன்றாகப் பதில் சொல்வது வேறு வகைக் கேள்விக்கு. கால் பங்குக்கும் கீழே நின்ற அலாரப் பதில் எங்கள் எல்லையிலிருந்து மிகத் தொலைவு. அதற்குக் காரணமான சாவியும் மின்சாரமும் எல்லாக் கடைக்கும் பொது. இருபது கடை கூட்டினாலும் அது மாறப்போவதில்லை. அதேபோல இந்தச் சோதனை சொல்லாதவையும் உண்டு. லாகர் பேட்டரி எத்தனை காலம் தாங்கும், நூறு கடை ஆனால் பழுதுபார்க்க எத்தனை பேர் வேண்டும், எங்கள் இரவுத் தூக்கத்துக்குக் கூலி போட்டால் ஒரு கடைக்கு என்ன செலவு, இவற்றை இதிலிருந்து எடுக்க முடியாது.

இப்போது

மோல்டுக்கான ஆர்டர் போகவில்லை. சொந்த போர்டும் இல்லை. பதிவேட்டுக்கு உடனடி இணைப்பே தேவையில்லை என்பதால், வைஃபை இல்லாத, உள்ளேயே அளவுகளைச் சேமித்து வைக்கும் மலிவான லாகர் போதும். மாதம் ஒருமுறை கடைக்குப் போய்ப் படித்து எடுத்துக்கொள்ளலாம். மின்சாரம் போன நேரமும் அதில் விடுபடாமல் இருக்கும்.

அடுத்த தாள் எழுதியாகிவிட்டது. இந்த முறை சோதிக்கப்போவது, ஆய்வுக்கு வருகிறவர் இந்த அச்சிட்ட பதிவை ஏற்றுக்கொள்கிறாரா என்பதை. அவர் "கையால் எழுதியதுதான் வேண்டும்" என்றால் மீதி எல்லாம் விழும். எனவே ஏற்கெனவே தாளைக் கோத்து வைத்திருக்கும் கடைகளில் அடுத்த ஆய்வு முடியும்வரை மென்பொருள் எதுவும் எழுதுவதில்லை. தாளைக் கையால்தான் தயாரிக்கிறோம். அளவீட்டுச் சான்று ஒட்டிய லாகர் கேட்கிறார்களா, கையெழுத்துக் கேட்கிறார்களா, எந்த இடைவெளியில் அளவு வேண்டும் என்கிறார்கள் என்று குறித்துக்கொள்ள, தாளின் அடியில் மூன்று காலிக் கட்டங்கள் விட்டிருக்கிறோம்.